லீஃப்–ஸ்பைன் போடப் போகிறீர்களா? கொட்டேஷன் கேட்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காட்பாடிப் பக்கம் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. 4 ரேக், ரேக்குக்கு 16 சர்வர். பெரிய இடமில்லை. இருந்தும் பழைய மூன்றடுக்கு நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டு சுவிட்சுகளை இரண்டே அடுக்காக இணைக்கும் லீஃப்–ஸ்பைனுக்கு மாற எனக்கு 7 மாதம் பிடித்தது. அதில் பாதி, நான் செய்த தவறுகளைச் சரிசெய்யவே போனது. ஊருக்குள் இதைச் செய்து பார்த்தவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போட்டே காலம் ஓடியது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ஒன்றிரண்டு ரேக்தான் என்றால் இது வேண்டாம். இரண்டு நல்ல சுவிட்சை ஜோடியாகப் போட்டால் முடிந்தது.

1. பழைய நெட்வொர்க்கில் எந்தக் கேபிள் சும்மா கிடக்கிறது என்று பாருங்கள்

மூன்றடுக்கில் ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு ஆக்சஸ் சுவிட்ச் இருக்கும். அதிலிருந்து இரண்டு கேபிள் மேலே போய் இரண்டு அக்ரிகேஷன் சுவிட்சுகளில் சேரும். அங்கிருந்து கோர். ஒன்று போனாலும் மற்றது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாம் இரண்டு கேபிள் போடுகிறோம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் லூப் ஆகிவிடும் என்பதால் ஸ்பேனிங் ட்ரீ ஒன்றை அடைத்து வைத்திருக்கும். உங்கள் ஆக்சஸ் சுவிட்சில் `show spanning-tree` கொடுத்துப் பாருங்கள். என்னிடம் வந்தது இது:

```
Interface   Role Sts Cost
Te1/1/1     Root FWD 2
Te1/1/2     Altn BLK 2
```

அந்த `BLK` வரிதான் விஷயம். காசு கொடுத்து வாங்கிய 10 ஜி அப்லிங்க், இரண்டு பக்கமும் ஆப்டிக்ஸோடு, பல வருடம் சும்மா கிடந்திருக்கிறது. ரேக்கில் 16 சர்வர், ஒவ்வொன்றும் 10 ஜி. கீழே 160, மேலே 10. பதினாறுக்கு ஒன்று.

சர்வரிலிருந்து வெளியே இன்டர்நெட்டுக்குப் போகிற போக்குவரத்து மட்டும் இருந்த காலத்தில் இது உறுத்தவில்லை. இப்போது பெரும்பாலான போக்குவரத்து சர்வருக்கும் சர்வருக்கும் இடையில்தான். ஸ்டோரேஜ் நகல், விர்ச்சுவல் மெஷின் இடமாற்றம், இரவு பேக்கப் எல்லாம் அந்த வகை. எங்களிடம் முதல் ரேக்கிலிருந்து நான்காம் ரேக்குக்குப் போகும் பேக்கப், கேட்வே மேலே இருந்த ஒரே காரணத்தால், கோர் வரை ஏறி மறுபடி இறங்கியது. பக்கத்து வீட்டுக்குப் போக வேலூர் கிரீன் சர்க்கிள் சுற்றி வருகிற மாதிரி. காலை 9 மணிக்கு ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்.

"ரெண்டு அக்ரிகேஷனையும் ஜோடி சேர்த்து இரண்டு கேபிளையும் ஓட விடலாமே" என்று கேட்பீர்கள். முடியும், பலர் அப்படித்தான் சமாளித்தார்கள். ஆனால் அந்த வித்தை பொதுவாக இரண்டு பெட்டியோடு நின்றுவிடும். மூன்றாவதை அதில் சேர்க்க முடியாது. போதவில்லை என்றால் இரண்டையும் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய இரண்டை வாங்க வேண்டும்.

லீஃப்–ஸ்பைன் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ரேக்கில் இருப்பது லீஃப், மேலே இருப்பது ஸ்பைன். ஒவ்வொரு லீஃபிலிருந்தும் ஒவ்வொரு ஸ்பைனுக்கும் ஒரு கேபிள். ஸ்பைனும் ஸ்பைனும் ஒட்டாது, ஸ்பைனில் சர்வர் எதுவும் சொருகக் கூடாது. நடுவிலுள்ள கேபிள் எல்லாமே ரௌட்டிங்கில் ஓடுவதால் அங்கே ஸ்பேனிங் ட்ரீக்கு வேலையில்லை, எல்லாக் கேபிளும் ஒரே நேரத்தில் ஓடும். எந்த ரேக்கிலிருந்து எந்த ரேக்குக்குப் போனாலும் லீஃப், ஸ்பைன், லீஃப் என்று அதே தூரம். இடம் போதவில்லை என்றால் பழையதைக் கழற்றாமல் இன்னொரு ஸ்பைனைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

விற்பனையாளரிடம் பேசும் முன் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் கணக்கில்தான் நீங்கள் வாங்குவீர்கள்.

எங்கள் கணக்கு இது. சர்வருக்கு இரண்டு 25 ஜி போர்ட். ரேக்குக்கு இரண்டு லீஃப், சர்வரின் ஒரு கால் ஒன்றில், மறு கால் மற்றதில். ஆகவே ஒரு லீஃபில் 16 சர்வரின் 16 போர்ட், கீழே மொத்தம் 400 ஜி. மேலே இரண்டு ஸ்பைனுக்கு ஆளுக்கொரு 100 ஜி, மொத்தம் 200. இரண்டுக்கு ஒன்று. பழைய பதினாறுக்கு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அத்தோடு நிறுத்தாமல், ஒரு ஸ்பைன் செத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டு ஸ்பைனில் ஒன்று போனால் பாதி போய்விடும், நான்குக்கு ஒன்று ஆகிவிடும். நான்கு ஸ்பைன் இருந்தால் கால்வாசிதான் போகும். எங்களுக்குப் பகலில் நான்குக்கு ஒன்று தாங்கும் என்று பழைய சுவிட்சின் கவுன்டரை ஒரு மாதம் பார்த்து உறுதி செய்துகொண்டு இரண்டோடு நிறுத்தினோம்.

அடுத்து வளர்ச்சி. எத்தனை ஸ்பைன் வைக்கலாம் என்பதை லீஃபின் அப்லிங்க் போர்ட் தீர்மானிக்கும். எத்தனை லீஃப் வைக்கலாம் என்பதை ஸ்பைனின் போர்ட் தீர்மானிக்கும். எங்களிடம் 8 லீஃப், வெளி உலகத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி பார்டர் லீஃப், ஆக 10. ஸ்பைன் 32 போர்ட் கொண்டது. மீதி 22 போர்ட், அதாவது இன்னும் 11 ரேக் வரை ஸ்பைனைத் தொடாமல் வளரலாம். எங்கள் அறையில் 11 ரேக்குக்கு இடமே கிடையாது. அதனால் 64 போர்ட் ஸ்பைனைத் தலையில் கட்டப் பார்த்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

3. கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

எனக்கு அதிகம் பணம் போன இடம் இது. 10 லீஃப், 2 ஸ்பைன் என்றால் நடுவில் 20 கேபிள். ஒரு கேபிளுக்கு இரண்டு முனை, ஆகவே ஆப்டிக்ஸ் 40. எனக்கு வந்த கொட்டேஷனில் 20 என்றிருந்தது. கேபிள் 20, ஆப்டிக்ஸ் 20, பார்க்க அழகாகப் பொருந்தியது, நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுவிட்ச் எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் பாதிக் கேபிளுக்கு ஆப்டிக்ஸே இல்லை என்று தெரிந்தது. மீதி 20ஐத் தனி பர்ச்சேஸ் ஆர்டராகப் போட்டு, மறுபடி மேலிடத்துக் கையெழுத்து வாங்கி, பொருள் வர 6 வாரம். அந்த 6 வாரமும் வாரன்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கும்போதே நான்கைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கேபிளின் வகையையும் எழுத்தில் வாங்குங்கள். 100 ஜி எஸ்.ஆர்.4 ஆப்டிக்ஸுக்கு வேண்டியது 12 இழை எம்.பி.ஓ. கேபிள், டைப் பி, இரு முனையும் ஃபீமேல். டைப் ஏ வந்தால் சொருக முடியும், ஆனால் விளக்கு எரியாது. சர்வர் பக்கம் ரேக்குக்குள்ளேயே என்பதால் தாமிர டி.ஏ.சி. போதும், விலையும் குறைவு. அங்கே லிங்க் வரவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் இரு பக்கமும் பிழை திருத்தும் எஃப்.இ.சி. அமைப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரில் `ethtool --show-fec` காட்டும்.

பிறகு காற்று. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக விடும். சர்வரின் நெட்வொர்க் போர்ட் பின்பக்கம் இருப்பதால் சுவிட்சையும் போர்ட் பின்னால் வருகிற மாதிரி மாட்டுவோம். ஆகவே சுவிட்ச் பவர் சப்ளை பக்கம் காற்றை இழுத்துப் போர்ட் பக்கம் விட வேண்டும். இரண்டு திசையிலும் ஃபேன் விற்கிறார்கள், மாடல் எண்ணின் கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். எங்களுக்கு வந்தது தலைகீழ். மாட்டிய அன்று கேபிள் இழுக்க வந்த பையன் ரேக்குக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இது காத்த வெளிய வுடாம உள்ள இழுத்துகினு கீது" என்றான். சர்வர் கக்குகிற சூட்டைச் சுவிட்ச் குடித்துக்கொண்டிருந்தது. பெரும்பாலான சுவிட்சுகளுக்கு உள்ளே போகும் காற்று 40 அல்லது 45 டிகிரிதான் உச்ச வரம்பு. கத்தரி வெயிலில் ஏ.சி. ஒன்று நின்றால் வேலூரில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேனையும் பவர் சப்ளையையும் திருப்பி அனுப்பி மாற்றினோம். மாடல் எண்ணை நம்பாமல் ஆர்டரிலேயே "பவர் சப்ளை பக்கம் உள்ளே, போர்ட் பக்கம் வெளியே" என்று வாக்கியமாக எழுதுங்கள்.

விலைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது. உங்கள் நிறுவனம் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாத வகை என்றால் அது முழுதும் செலவுதான், பட்ஜெட்டில் முதலிலேயே சேருங்கள். சாஃப்ட்வேர் லைசென்ஸ் வருடாந்திரமா, ரௌட்டிங்கை நடத்தும் பி.ஜி.பி. அதற்குள் அடங்கியதா என்றும் கேளுங்கள். சிலர் ரௌட்டிங்கைத் தனி லைசென்ஸாக விற்கிறார்கள். ரௌட்டிங் இல்லாத லீஃபை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

4. பெட்டி வருவதற்குள் எண்களை முடித்துவிடுங்கள்

பொருள் வரக் காத்திருக்கும் வாரங்களில் ஒரு எக்செல் தாள் தயார் செய்யுங்கள். அதில் எந்த லீஃபின் எந்த போர்ட் எந்த ஸ்பைனின் எந்த போர்ட்டுக்குப் போகிறது, அந்தக் கேபிளின் இரு முனை ஐ.பி. என்ன, ஒவ்வொரு பெட்டியின் லூப்பேக் ஐ.பி., ஏ.எஸ். எண் என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு கேபிளுக்கு `/31` ஒன்று, இரண்டு ஐ.பி. 20 கேபிளுக்கு 40 ஐ.பி., ஒரு `/26` போதும். எல்லா லீஃபிலும் ஸ்பைன் 1க்கு 49ஆம் போர்ட், ஸ்பைன் 2க்கு 50ஆம் போர்ட் என்று ஒரே மாதிரி வைத்தால் நள்ளிரவில் தலை சுற்றாது.

நான் சறுக்கியது ஏ.எஸ். எண்ணில். பி.ஜி.பி. ஓட ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் வேண்டும், 64512 முதல் 65534 வரை நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்தலாம். பெட்டிக்கு ஒன்று என்று ஸ்பைன் இரண்டுக்கும் வெவ்வேறு எண் கொடுத்தேன். எல்லாம் மேலே வந்தது, பிங் போனது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் கவுன்டரைப் பார்த்தால் ஒரு அப்லிங்க் நிறைய ஓடுகிறது, மற்றது பூஜ்யம். `BLK` இல்லாமலேயே பழைய கதை.

காரணம் எளிது. இரண்டு வழியின் ஏ.எஸ். பாதையும் ஒன்றாக இருந்தால்தான் பி.ஜி.பி. இரண்டையும் சமமாக எடுக்கும். ஸ்பைனுக்கு வேறு வேறு எண் இருந்தால் பாதை நீளம் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் வேறு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும். இதைத் தளர்த்த `bgp bestpath as-path multipath-relax` என்று ஒரு கட்டளை உண்டு. ஆனால் ஸ்பைன் எல்லாவற்றுக்கும் ஒரே எண், லீஃபுக்கு மட்டும் ஆளுக்கொன்று என்று வைப்பதே சுத்தம். அப்படி வைத்தால் ஒரு ஸ்பைனிலிருந்து இறங்கிய வழி லீஃப் வழியாக அடுத்த ஸ்பைனுக்கு ஏறாது, தன் எண்ணைப் பார்த்ததும் ஸ்பைன் தள்ளிவிடும். எஃப்.ஆர்.ஆர். என்ற ரௌட்டிங் சாஃப்ட்வேர் ஓடும் லீஃபில் எங்களுடையது இவ்வளவுதான்:

```
router bgp 65101
 bgp router-id 10.255.0.11
 no bgp ebgp-requires-policy
 neighbor 10.254.0.0 remote-as 65100
 neighbor 10.254.0.0 timers 3 9
 neighbor 10.254.0.2 remote-as 65100
 neighbor 10.254.0.2 timers 3 9
 !
 address-family ipv4 unicast
  network 10.255.0.11/32
 exit-address-family
```

மூன்றாவது வரி இல்லாவிட்டால் புதிய பதிப்புகளில் அக்கம்பக்கம் பேசிக்கொள்ளும், ஆனால் ஒரு ரூட்டும் வராது. `show ip bgp summary`யில் எண் வர வேண்டிய இடத்தில் `(Policy)` என்று நிற்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு லீஃபின் லூப்பேக்கைக் கேளுங்கள்:

```
$ ip route show 10.255.0.12
10.255.0.12 proto bgp metric 20
    nexthop via 10.254.0.0 dev swp49 weight 1
    nexthop via 10.254.0.2 dev swp50 weight 1
```

இரண்டு `nexthop` வர வேண்டும். ஒன்றுதான் என்றால் மேலே நான் சொன்ன குழியில் இருக்கிறீர்கள். இன்னொன்று, இந்த முறையில் ஒரு ஸ்பைனிலிருந்து மற்ற ஸ்பைனின் லூப்பேக்குக்குப் பிங் போகாது. பழுது என்று நினைத்து ஒரு இரவு முழுக்கத் தேடினேன். ஒரே ஏ.எஸ். எண் என்பதால் அது அப்படித்தான்.

இரண்டு கேபிளும் சரிபாதி ஓட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு உரையாடல் முழுவதும் ஒரே வழியில்தான் போகும், பாக்கெட் வரிசை கலையாமல் இருக்க. அதனால் ஒரு பெரிய பேக்கப் ஓடும்போது 70க்கு 30 என்று சாய்ந்திருப்பது சகஜம்.

5. ஒரே சப்நெட் பல ரேக்கில் வேண்டுமா?

இதற்கான பதிலைச் சர்வர் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய நெட்வொர்க்கில் ஒரு வி.லேன் எல்லா ரேக்கிலும் பரவிக் கிடக்கும். வெறும் ரௌட்டிங்கில் ஒவ்வொரு ரேக்குக்கும் தனி சப்நெட், அதனால் விர்ச்சுவல் மெஷினை ஐ.பி. மாறாமல் அடுத்த ரேக்குக்கு நகர்த்த முடியாது. நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஒரே வி.லேனை ரௌட்டிங் மேல் சுமந்து போகும் வி.எக்ஸ்.லேன், அதை நடத்த இ.வி.பி.என். என்று இன்னொரு அடுக்கு வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டாம் என்றால் பாதி வேலை மிச்சம்.

வி.எக்ஸ்.லேன் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் 50 பைட் ஏற்றும். சர்வர் 1500 அனுப்பினால் நடுவில் 1550. எல்லா லீஃப், ஸ்பைன் போர்ட்டிலும் பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யு.வை 9216 வைக்கச் சொல்வார்கள். வைத்தேன், ஸ்பைன் 2இல் மட்டும் மறந்துவிட்டேன். விளைவு விசித்திரமாக இருந்தது. பிங் போகிறது, லாகின் ஆகிறது, ஃபைல் அனுப்பினால் சில சமயம் போகிறது, சில சமயம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஸ்பைன் 1 வழியாக விழுந்தவை பிழைத்தன, ஸ்பைன் 2 வழியாக விழுந்த பெரிய பாக்கெட் எல்லாம் செத்தன. "பாதி பேருக்கு வருது, பாதி பேருக்கு வரல" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள்.

சர்வரிலிருந்து சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், உங்கள் பிங் நல்ல வழியிலேயே போய்க்கொண்டிருக்கலாம். லீஃபில் உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளின் மறுமுனையையும் நேராகக் கேளுங்கள்:

```
ping -M do -s 9188 10.254.0.0
ping -M do -s 9188 10.254.0.2
```

9216இல் தலைப்புக்கு 28 போக 9188. இது லினக்ஸில் ஓடும் சுவிட்சுக்கான கணக்கு, வேறு சிலவற்றில் எம்.டி.யு.வை எண்ணும் முறை மாறும். 20 கேபிளுக்கும் செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆனது.

6. பழையதைப் புதியதோடு ஒட்டும் இடம்

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்து ஓடும். பழைய கோரைப் பார்டர் லீஃப் ஜோடியில் மட்டும் ஒட்டுங்கள், இரண்டு கேபிளையும் எல்.ஏ.சி.பி. மூலம் ஒன்றாகக் கட்டி. ஸ்பைனில் போர்ட் காலியாகத்தானே இருக்கிறது என்று ஃபயர்வாலை அங்கே சொருகாதீர்கள். அப்புறம் ஒரு ஸ்பைன் மட்டும் வேறு மாதிரி ஆகி, எல்லா வழியும் சமம் என்ற கணக்கு உடைந்துவிடும்.

இரண்டாவது இடத்தில் ஒட்டவே கூடாது. பழைய ஆக்சஸ் சுவிட்சிலிருந்து "தற்காலிகமாக" ஒரு கேபிளை எங்கள் ஆள் மூன்றாம் ரேக் லீஃபில் சொருகினார். ஸ்பேனிங் ட்ரீயின் செய்தி பொதுவாக வி.எக்ஸ்.லேனைத் தாண்டிப் போகாது, அதனால் லூப் ஆனது எந்தச் சுவிட்சுக்கும் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் எல்லா ரேக்கின் போர்ட் விளக்குகளும் ஒரே சீராக மின்ன ஆரம்பித்தன. அந்தக் கேபிளைக் கண்டுபிடித்துப் பிடுங்க 40 நிமிடம்.

நாங்கள் வாரம் ஒரு ரேக் என்று சனி இரவு 11 முதல் 3 மணி வரை நேரம் வாங்கி மாற்றினோம். கேட்வேயைக் கடைசி ரேக் முடிந்த பிறகே லீஃபுக்கு நகர்த்தினோம்.

7. ஆள் இருக்கும்போதே ஒரு ஸ்பைனைக் கொல்லுங்கள்

முதல் ரேக் மாறியதும், இரண்டு ரேக்குக்கு இடையே ஒரு பெரிய ஃபைலை நகலெடுக்க விட்டு, ஸ்பைன் 1இன் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். கேபிள் விழுந்த உடனே லீஃப் அந்த வழியை எடுத்துவிடும். எங்களிடம் ஒரு பிங் தவறியது, நகல் நிற்கவில்லை. பழைய ஸ்பேனிங் ட்ரீயில் இதே விஷயம் 50 வினாடி வரை போகும், ரேப்பிட் வகை என்றால் வெகு குறைவு.

ஆனால் ஸ்பைன் முழுதாகச் சாகாமல், விளக்கு எரிந்தபடியே மூளை மட்டும் உறைந்தால் லீஃபுக்குத் தெரியாது. பி.ஜி.பி. டைமர் தீரும்வரை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும், எஃப்.ஆர்.ஆரின் இயல்பான அளவு 180 வினாடி. மேலே உள்ள `timers 3 9` அதற்காகத்தான், 9 வினாடியில் விட்டுவிடும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் பி.எஃப்.டி. இருக்கிறது, நாங்கள் போடவில்லை.

ஸ்பைனுக்கு மறுபடி கரன்ட் கொடுத்துவிட்டு அந்த `ip route show`வை எல்லா லீஃபிலும் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு `nexthop`உம் திரும்பி வந்திருக்க வேண்டும். எங்களிடம் ஏழாவது லீஃபில் ஒன்று வரவில்லை. கழற்றும்போது கையில் இடித்து எம்.பி.ஓ. முனை அரைகுறையாக வெளியே வந்திருந்தது.